கிச்சன்ல ஓடும் குட்டி கரப்பான் பூச்சி... பெரிய கரப்பானோட குஞ்சா? ரெண்டு கோட்டைப் பாருங்க!

நைட்டு கிச்சன் லைட்டைப் போட்டதும் மிக்ஸிக்கு அடியில ஓடி ஒளியுற சின்னப் பழுப்பு நிற கரப்பானைப் பார்த்து, "பெரிய கரப்பான் குட்டி போட்டிருக்கு" என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் இது தனி இனம். பெயர் ஜெர்மன் கரப்பான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இறக்கையைப் பாருங்கள். கரப்பானுக்கு முழுசா வளர்ந்த பிறகுதான் இறக்கை வரும். அரை அங்குலமே இருக்கும் பூச்சிக்கு முழு இறக்கை இருந்தால், அது குஞ்சு இல்லை, வளர்ந்த பூச்சி. அடுத்து, தலையை மூடியிருக்கும் கேடயம் போன்ற பகுதியில் பக்கத்துல பக்கத்துல ரெண்டு கறுப்புக் கோடு இருக்கும். பாத்ரூம், சாக்கடையில் இருந்து வரும் பெரிய செம்பழுப்பு அமெரிக்கன் கரப்பானுக்கு இந்தக் கோடு கிடையாது. அது சுமார் ஒன்றரை அங்குலம் வளரும்.

இன்னொரு சின்ன இனமும் இருக்கு. உடம்புக்குக் குறுக்கே வெளிர் பட்டை இருந்தால் அது பட்டைக் கரப்பான். ஈரத்தைத் தேடாது, அலமாரி மேல்தட்டு, டிவிக்குப் பின்னாடி எனக் காய்ந்த இடத்தில் இருக்கும்.

ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுது?

அமெரிக்கன் கரப்பான் முட்டைக்கூட்டை எங்கேயாவது ஒட்டிவிட்டுப் போய்விடும். அதில் 15 முட்டை வரை இருக்கும். குஞ்சு வளர்ந்து பெரிதாகப் பல மாதம், சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகும். ஜெர்மன் கரப்பான் அப்படி இல்லை. 30 முதல் 40 முட்டை இருக்கும் கூட்டை, பொரியும் நேரம் வரை வால் பக்கத்திலேயே சுமக்கும். அதனால் முட்டை காய்வதில்லை, எறும்பு தூக்குவதும் குறைவு. நம்ம ஊர் வெயிலில் குஞ்சு சுமார் ரெண்டு மாதத்தில் முட்டையிடத் தயாராகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூட்டில் 36 குஞ்சு, அதில் பாதி, அதாவது 18 பெண். அவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு கூடு வைத்தாலே 648. இத்தனைக்கும் ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் 4 கூட்டுக்கு மேல் வைக்கும். எல்லாம் பிழைக்காதுதான், ஆனால் ஃப்ரிட்ஜ் மோட்டார் சூடும், சிங்க் ஈரமும், அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் நிறையவே பிழைக்கும்.

ஸ்பிரே அடிச்சும் திரும்ப வருதே?

கூட்டுக்குள் இருக்கும் முட்டைக்கு மருந்து எளிதில் போய்ச் சேராது. பொரியப் போகும் நிலையில் இருந்தால், தாய் செத்த பிறகும் குஞ்சு வெளியே வரலாம். பல இடங்களில் இந்தப் பூச்சி ஸ்பிரே மருந்துக்குப் பழகியும் விட்டது. அதனால் ஜெல் மருந்தே மேல். அலமாரிக் கீல், ஃப்ரிட்ஜ் பின்பக்கம், சிங்க் அடி என இடுக்குகளில் சிறு சிறு பொட்டாக வையுங்கள். தின்ற பூச்சியின் எச்சத்தையும் உடலையும் சாப்பிடும் குஞ்சுகளும் சாகும். குழந்தை கைக்கு எட்டாமல் வைப்பது முக்கியம்.

ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே மட்டும் அடிச்சிடாதீங்க. அந்த வாடைக்குப் பூச்சி ஜெல் பக்கமே வராது.