விசாரணை நிலுவையில் ஓய்வு: எந்தப் பணம் நிற்கும், எது நிற்கக் கூடாது?

ராமேஸ்வரம், மண்டபம், ராமநாதபுரம் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் பலர், சார்ஜ் மெமோ கையில் இருக்கும்போதே ஓய்வு பெற்றால் எதுவும் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். "விசாரணை முடியட்டும், பார்க்கலாம்" என்று ஆபீஸில் ஒருவர் சொன்னால் போதும், ஓய்வூதியப் படிவங்களைக்கூடக் கொடுக்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இது தவறு. மாதாமாதம் சாப்பாட்டுக்கு வர வேண்டிய பணம் இதனால் நிற்கிறது.

1993-ஆம் ஆண்டின் ரயில்வே ஓய்வூதிய விதிகளில் 9-வது விதியும் 10-வது விதியும்தான் இதற்கு ஆதாரம். விசாரணை நிலுவையில் இருந்தாலும் தற்காலிக ஓய்வூதியம் உண்டு என்கிறது 10-வது விதி. பணிக்காலத்துக்குக் கிடைக்கக்கூடிய முழு ஓய்வூதியம் வரை அதைத் தரலாம். அகவிலை நிவாரணமும் சேரும். ஓய்வு பெறும் நாளில் சஸ்பெண்டில் இருந்தால், சஸ்பெண்டுக்கு முந்தைய நாள் வரையிலான பணிக்காலத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இறுதியில் ஓய்வூதியத்தைக் குறைத்தாலும், தற்காலிகமாக வாங்கிய பணத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நிற்பவை இரண்டு: பணிக்கொடையும், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷனும். பணம் திரும்ப வசூலிக்க வேண்டிவரலாம் என்று அதிகாரி கருதினால் விடுப்புச் சம்பளத்தையும் நிறுத்தி வைக்கலாம். பி.எப். பணத்தில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. 1925-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அதைக் காக்கிறது. "கேஸ் இருக்கே" என்று பி.எப்.பையும் இழுத்தடித்தால் எழுத்துமூலம் காரணம் கேளுங்கள்.

பணிக்கொடையை நிறுத்துவதாகச் சொன்னால் முதலில் மெமோவின் தலைப்பைப் பாருங்கள். எஸ்.எப்-5 என்றால் பெருந்தண்டனைக்கானது, பணிக்கொடை நிற்கும். எஸ்.எப்-11 சிறுதண்டனைக்கானது, கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துவது போன்றவற்றோடு முடியும் அந்த நடவடிக்கைக்காகப் பணிக்கொடையை நிறுத்தக் கூடாது, விதியே விலக்கு தருகிறது. மெமோவே வராமல் வெறும் விளக்கம் கேட்டிருந்தாலும், சஸ்பெண்டும் இல்லாத பட்சத்தில், துறை நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கில்லை. இதைப் பார்க்காமலேயே ஃபைலை ஓரம்கட்டும் ஊழியர்கள் இருக்கிறார்கள்; பார்க்க வேண்டிய நாம்தான் ஏமாறுகிறோம்.

விசாரணை முடிந்த பிறகுதான் பெரிய அலட்சியம். ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு உத்தரவு போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடும். செட்டில்மென்ட் பிரிவுக்குத் தகவலே போகாது. ஆகவே இறுதி உத்தரவின் நகலோடு மதுரைக் கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். பெர்சனல் கிளையின் செட்டில்மென்ட் பிரிவில், முதுநிலைக் கோட்டப் பணியாளர் அதிகாரி பெயருக்கு மனு கொடுங்கள். தற்காலிக ஓய்வூதியத்தை இறுதியாக்கி பி.பி.ஓ. வழங்க வேண்டும், பணிக்கொடையும் வட்டியும் வேண்டும், கம்யூட்டேஷன் வேண்டும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே வரியில் "பாக்கி எல்லாம் தரவும்" என்று எழுதினால் வட்டி மறக்கப்படும்.

வட்டி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 வருடம் பணியாற்றிய ஒரு புக்கிங் கிளார்க், 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் 2022 மே 31 அன்று ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். அப்போதைய அகவிலைப்படி 34 சதவீதம். ஊதியம் 80,400, 15 மாதப் பணிக்கொடை 12,06,000 ரூபாய். எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் முழுமையாக விடுபட்டு 2024 ஆகஸ்ட் 31 அன்று பணம் கிடைத்தால், ஓய்வு பெற்று மூன்று மாதம் கழிந்த நாளிலிருந்து வட்டி உண்டு. பி.எப். வட்டியான 7.1 சதவீதத்தில் இரண்டு வருடத்துக்குச் சுமார் 1,71,000 ரூபாய். கேட்காதவருக்கு இது போய்விடும். முழு விடுதலை கிடைக்காமல் தண்டனையோடு முடிந்தால் இந்த வட்டியை எதிர்பார்க்க முடியாது.

கம்யூட்டேஷனில் காலக்கெடு உண்டு. இறுதி உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. தள்ளிப்போட்டால் பரிசோதனை வரும், வயது ஏற ஏறத் தொகையும் குறையும்.

ஓய்வுக்குப் பிறகு பதவி நீக்கம் போன்ற தண்டனை கிடையாது. ஓய்வூதியத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமென்றால் கடுமையான ஒழுக்கக்கேடோ அலட்சியமோ நிரூபணமாக வேண்டும், யு.பி.எஸ்.சி.யைக் கலந்து, குடியரசுத் தலைவர் பெயரில்தான் உத்தரவு வர வேண்டும். கோட்ட அதிகாரியின் கையெழுத்தில் வெட்டு வந்தால் அதை ஏற்றுக்கொண்டு உட்காராதீர்கள். விசாரணைக்கு இடையில் ஊழியர் இறந்துவிட்டால் துறை நடவடிக்கை அதோடு முடிகிறது. பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதியமும் குடும்பத்துக்கு உண்டு. பல விதவைகளுக்கு இது யாரும் சொல்லாததால்தான் தெரிவதில்லை.

மனு கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையும் போட்ட நகல் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். ஆறு மாதத்தில் பதில் இல்லையென்றால், அடுத்த ஒரு வருடத்துக்குள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் ஒரு வருடத்தையும் எண்ணுவதற்கு அந்த முத்திரைத் தேதிதான் ஆதாரம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தனி விதிகள் உள்ளன. ரயில்வே விதி எண்களை அவர்கள் தங்கள் மனுவில் எழுத வேண்டாம்.