டிஸ்கிலிருந்து பக்கெட்டுக்கு

பயனர்கள் ஏற்றும் படங்களையும் ஆவணங்களையும் சர்வரின் டிஸ்கிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பதுதான் பெரும்பாலான இணையச் செயலிகளின் தொடக்க ஏற்பாடு. சர்வர் ஒன்றே ஒன்று இருக்கும்வரை இதில் குறையில்லை. பயன்பாடு பெருகி இரண்டாவது சர்வர் சேர்ந்ததும் சிக்கல் வருகிறது.

வேலைவாய்ப்புத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பதாரர் ரெஸ்யூமேயை ஏற்றும்போது, லோட் பேலன்சர் அந்தக் கோரிக்கையை முதல் சர்வருக்கு அனுப்புகிறது. கோப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நிறுவன அலுவலர் அதைத் திறக்கும்போது கோரிக்கை இரண்டாவது சர்வருக்குப் போனால் 404 பிழைதான் வரும். பக்கத்தைப் புதுப்பித்தால் கோப்பு திறக்கும். மறுபடி புதுப்பித்தால் காணாமல் போகும். ஒரே பயனரை ஒரே சர்வருக்கு அனுப்பும்படி அமைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஏற்றுபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர்.

இதற்கு வழி, கோப்புகளை எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைப்பது. அமேசான் 2006இல் எஸ்3 என்ற பெயரில் தொடங்கிய சேவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. இங்கே பக்கெட் என்ற கொள்கலனுக்குள் ஒவ்வொரு கோப்பும் ஒரு கீயின் பெயரில் இருக்கும். `uploads/2024/a.pdf` என்பது ஃபோல்டர் பாதை போலத் தோன்றினாலும் சாய்கோடுகள் உட்பட முழுவதும் ஒரே பெயர்தான். கோப்பின் நடுவில் ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது. மாற்றினால் முழுக்கோப்பையும் மீண்டும் ஏற்ற வேண்டும். ரெஸ்யூமே, படம் போன்றவற்றுக்கு இது ஒரு குறையே அல்ல.

தளத்தை நிறுத்தாமல் இடம் மாற்றுவதில் வரிசைதான் முக்கியம். பழைய கோப்புகளை நகலெடுப்பதிலிருந்து தொடங்கத் தோன்றும். ஆனால் நகல் ஓடும் நேரத்தில் டிஸ்கில் வந்து சேரும் புதுக் கோப்புகள் விட்டுப்போகும். ஆகவே, முதலில் புதிதாக ஏற்றப்படுபவை நேரே பக்கெட்டுக்குப் போகும்படி நிரலை மாற்ற வேண்டும். படிக்கும்போது பக்கெட்டில் தேடி, அங்கே இல்லையென்றால் மட்டும் டிஸ்கைப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸில் `/var/www/...` என்ற முழுப்பாதை பதிவாகியிருந்தால் அதைக் களைந்து கீயை மட்டும் வைக்க வேண்டும். இந்தக் கட்டம் முடியும்வரை சர்வர் ஒன்றாகவே இருக்கட்டும்.

நகல் அதன் பிறகுதான். முதலில் வெள்ளோட்டம்:

```
aws s3 sync /var/www/app/uploads s3://velai-files/uploads --dryrun
```

எதெல்லாம் நகலாகும் என்று இது பட்டியலிடும்; சரியென்றால் `--dryrun` இல்லாமல் ஓட்டலாம். இதோடு `--delete` சேர்க்கவே கூடாது. டிஸ்கில் இல்லாத எதையும் அது பக்கெட்டிலிருந்து அழித்துவிடும்; நிரல் மாறிய பிறகு வந்த புதுக் கோப்புகளோ பக்கெட்டில் மட்டுமே இருக்கின்றன.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. விண்ணப்பதாரர் நேற்று தன் ரெஸ்யூமேயை மாற்றினார், அது பழைய கீயின் பெயரிலேயே பக்கெட்டில் அமர்ந்தது என்றால், இன்று ஓடும் `sync` இரண்டின் அளவும் வேறுபடுவதைக் கண்டு டிஸ்கிலுள்ள பழையதை அதன் மேல் எழுதிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. பயனர் புகார் சொன்னால்தான் தெரியும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் புதிய, தற்செயலான கீயைத் தருவதே இதற்குப் பாதுகாப்பு.

கோப்பின் வகையை `sync` அதன் நீட்சியை வைத்தே ஊகிக்கிறது. நீட்சி இல்லாமல் சேமித்த படங்களின் வகை சரியாகப் பதிவாகாததால், உலாவி அவற்றைக் காட்டாமல் பதிவிறக்கத் தொடங்கும். அவற்றுக்கு வகையை வெளிப்படையாகக் கொடுத்தே நகலெடுக்க வேண்டும்.

எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போதுமான சரிபார்ப்பு ஆகாது. எந்தப் பயனருக்கும் சொந்தமில்லாத பழைய கோப்புகள் டிஸ்கில் கிடக்கும். டேட்டாபேஸின் ஒவ்வொரு வரியிலும் உள்ள கீ பக்கெட்டில் இருக்கிறதா என்று சிறு நிரல் எழுதிக் கேட்பதே நம்பகமானது.

ரெஸ்யூமே எல்லோரும் பார்க்கக்கூடியதல்ல. வேலை சுலபமாகட்டும் என்று பக்கெட்டைப் பொதுவில் திறந்துவிடுவது பெரிய தவறு. பக்கெட்டைப் பூட்டி வைத்து, உரிமையுள்ளவர் கேட்கும்போது சில நிமிடங்களில் காலாவதியாகும் கையொப்பமிட்ட முகவரியைச் செயலி தர வேண்டும். எஸ்3இல் அதன் ஆயுள் அதிகபட்சம் 7 நாள்கள். அதனால் அந்த முகவரியை டேட்டாபேஸிலோ மின்னஞ்சலிலோ நிலையான இணைப்பாக வைக்க முடியாது.

டிஸ்கைத் தேடிப்போன ஒவ்வொரு முறையையும் லாகில் பதிய வேண்டும். அந்தப் பதிவுகள் முற்றிலும் நின்ற பிறகு இரண்டாவது சர்வரைச் சேர்க்கலாம். அதற்கு முன் பின்னணிப் பணிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரெஸ்யூமேயிலிருந்து முன்னோட்டப் படம் எடுக்கும் பணி `/tmp` பாதையை வாங்கி ஓடினால், அது வேறு சர்வரில் ஓடும்போது கோப்பு அங்கே இருக்காது. பணிக்குப் பாதைக்குப் பதில் கீயைக் கொடுத்து, ஓடும் இடத்திலேயே கோப்பை இறக்கிக்கொள்ளச் செய்ய வேண்டும்.