இருபதுக்கு வாங்கி நாற்பதுக்கு விற்றால்...

தள்ளுவண்டிக்காரருக்குக் கொள்ளை லாபம் என்று நினைக்கிறார்கள் வாங்குபவர்கள். அழுகல், மீதம், வட்டி மூன்றையும் கணக்கில் சேர்த்தால் கிடைப்பது வேறு ஒரு எண்.

வட தில்லியின் ஆசாத்பூர் மண்டியில் பொழுது விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடுகிறது. ஆசியாவின் மிகப் பெரிய காய்கனி மொத்தச் சந்தைகளில் ஒன்று இது. மகாராஷ்டிரம், கர்நாடகம், இமாச்சலப் பிரதேசம் என்று பருவத்துக்கேற்ப லாரிகளில் தக்காளி வந்து இறங்குகிறது. கமிஷன் மண்டிக்காரர்கள் லாரிக் கணக்கில் பேசுபவர்கள். அவர்களிடம் மொத்தமாக எடுத்து, சிறு வியாபாரிகளுக்குப் பெட்டி பெட்டியாகப் பிரித்து விற்பவருக்கு இங்கே ‘மாஷாகோர்’ என்று பெயர். தள்ளுவண்டிக்காரர் பெரும்பாலும் இவரிடம்தான் வாங்குகிறார். ஆகவே ‘மண்டி விலை’ என்று நாளிதழில் வருவது அவர் கொடுக்கும் விலை அல்ல. அதற்கு மேல் ஒரு கை லாபம் வைத்த விலை.

அப்படி வாங்கிச் செல்லும் ஒருவருடைய ஒரு நாள் கணக்கைப் பார்க்கலாம். தக்காளி விலை தினமும் மாறுவது. இங்கே உள்ள ரூபாய்கள் கணக்கைப் புரிந்துகொள்வதற்கான உதாரணம் மட்டுமே. வழிமுறை எந்த விலைக்கும் பொருந்தும்.

‘கிரேட்’ எனப்படும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் 25 கிலோ. விலை 500 ரூபாய், அதாவது கிலோ 20. அவர் மூன்று பெட்டி எடுக்கிறார்: 75 கிலோ, 1,500 ரூபாய். காலையில் தெருவில் கிலோ 40 ரூபாய் என்று கூவி விற்கிறார். வாங்க வரும் குடும்பத் தலைவி மனக்கணக்குப் போடுகிறார்: கிலோவுக்கு 20 ரூபாய் லாபம், 75 கிலோவுக்கு 1,500. ஒரே நாளில் போட்ட பணம் இரட்டிப்பு! உண்மையில் அவருக்கு நின்றது 415 ரூபாய். நடுவே 1,085 ரூபாய் எங்கே போயிற்று?

வண்டிக்கு வந்து சேரும் விலை

முதல் கசிவு மண்டி வாசலிலேயே தொடங்குகிறது. பெட்டியைத் தூக்கி வைக்கும் பல்லேதாருக்குக் கூலி, பங்கு போட்டுக்கொண்டு வரும் டெம்போவுக்கு வாடகை. இரண்டும் சேர்ந்து பெட்டிக்கு 50 ரூபாய் என்றால் 150 ஆயிற்று. ஆக, சரக்கு வண்டிக்கு வந்து சேரும்போது அதன் அடக்கம் 1,650 ரூபாய். கிலோ 20 அல்ல, 22.

அடுத்தது பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டும்போது தெரிவது. மேலே அடுக்கிய பழங்கள் பளபளவென்று இருக்கும். அடியில் இருப்பவை பாரத்தில் நசுங்கி, ஒன்றின் சாறு பட்டு மற்றொன்று கெட்டிருக்கும். பொறுக்கி எறிந்தது 5 கிலோ. இந்த 5 கிலோவின் விலையைச் செலவில் தனியாக எழுதக் கூடாது. ஏற்கனவே 1,650 ரூபாய்க்குள் அது இருக்கிறது. மறுபடி எழுதினால் ஒரே நஷ்டத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும். செய்ய வேண்டியது, அதே 1,650 ரூபாயை மிஞ்சிய 70 கிலோவால் வகுப்பது. விற்கத் தகுந்த தக்காளியின் அடக்கம் இப்போது கிலோ 23 ரூபாய் 57 காசு. விலை குறைத்துக் கேட்பவரிடம் எதுவரை இறங்கலாம் என்பதைக் காலையில் இந்த எண்தான் சொல்ல வேண்டும். 20 என்று நினைத்துக்கொண்டு பேரம் பேசுபவர், 22 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு இரண்டு ரூபாய் சம்பாதித்ததாகச் சந்தோஷப்படுவார்.

பெட்டியில் 25 கிலோ இருந்ததா என்பதும் ஒரு கேள்வி. தன் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்க்காதவருக்கு, எடைக் குறைவும் அழுகலும் ஒன்றாகவே தெரியும். முன்னதற்கு மாஷாகோரிடம் சண்டை போடலாம், பின்னதற்கு முடியாது.

விலை இறங்கும் பகல்

காலையில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். 30 கிலோ 40 ரூபாய்க்குப் போகிறது. நல்ல பழங்களை வாடிக்கைக்காரர்கள் பொறுக்கியெடுத்த பின், பிற்பகலில் 20 கிலோ 35 ரூபாய்க்கு. இருட்டும் நேரத்தில் தொட்டால் அமுங்கும் 8 கிலோ, 20 ரூபாய்க்கு. மொத்தம் 2,060 ரூபாய்.

இந்தத் தொகையை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். பையில் இருக்கும் நோட்டு மட்டும் வரவல்ல. கைபேசி வழியாக வங்கிக்குப் போனது, பகலில் டீக்கும் ரொட்டிக்கும் எடுத்தது, பிள்ளை வந்து வாங்கிப் போன ஐம்பது ரூபாய், எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்க வேண்டும். காலையில் சில்லறைக்காகப் போட்டதைக் கழிக்க வேண்டும். வீட்டுச் செலவு லாபத்திலிருந்து போவது. அது வியாபாரச் செலவு அல்ல.

விற்றது 58 கிலோ. அழுகல் 5. இரவில் வண்டியில் மீதம் 10. கூட்டினால் 73தான் வருகிறது. மிச்சம் 2 கிலோ, “பையா, இன்னும் ஒண்ணு போடுங்க” என்ற குரல்களோடு போனது. தராசு முள் சற்றே சாய்ந்ததில் யாரும் எழுதி வைக்காமல் கரையும் சரக்கு இது. மற்றவற்றை நிறுத்துக் கழித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். தில்லியில் காய் வாங்குபவர் உரிமையோடு கேட்கும் இனாம் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் தனி. அதற்கும் பைக்கும் 40, வண்டி வாடகை 60 என்று இன்னொரு 100 ரூபாய் செலவு. ஆக மொத்தச் செலவு 1,750.

மீதியின் மதிப்பு என்ன?

வரவு 2,060. செலவு 1,750. கையில் மிஞ்சியது 310 ரூபாய். இதுதான் லாபமா? இல்லை, 10 கிலோ தக்காளி இன்னும் வண்டியில் இருக்கிறதே. அதற்கு என்ன மதிப்பு போடுவது என்பதில்தான் கணக்குகள் பிரிகின்றன.

காலை விலையான 40 ரூபாய் போட்டால் 400. லாபம் 710 ஆகிவிடும். இது கனவு. அடக்க விலையான 22 போட்டால் 220; லாபம் 530. கடைகளில் பெட்டிச் சரக்குக்கு இது சரி. அங்கே இன்று விற்காத சோப்பு நாளைக்கும் அதே சோப்புதான். தக்காளி அப்படியல்ல. ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தாலும் விடிவதற்குள் 3 கிலோ கழிந்துவிடும். மிஞ்சும் 7 கிலோவைப் புதுச் சரக்கோடு சேர்த்து 40 ரூபாய்க்கு விற்க முடியாது. ஓரமாகக் குவித்து 15 ரூபாய் என்றால் சிறு ஓட்டல்காரர் எடுத்துக்கொள்வார். வருவது 105 ரூபாய். மீதியின் மதிப்பு இதுதான்: நாளைக்கு அது எவ்வளவு பணமாகுமோ அவ்வளவு. 310-உடன் 105 சேர்ந்தால் 415.

மறுநாள் கணக்கு தொடங்கும்போது இதே 105 ரூபாயை முதல் செலவாக எழுத வேண்டும், அந்தத் தக்காளியை நேற்றிடமிருந்து இன்று வாங்கியதைப் போல. எழுத மறந்தால் ஒரே 105 இரண்டு நாளும் லாபமாக வரும். ஓட்டல்காரர் 90 ரூபாய்தான் கொடுத்தார் என்றால் 15 ரூபாய் நஷ்டம் மறுநாளைச் சேர்ந்தது. வண்டி முழுக்கக் காலியாகும் நாள்தான் சோதனை நாள். அதுவரை எழுதிய தின லாபங்களின் கூட்டுத்தொகை, அத்தனை நாள் பண வரவிலிருந்து செலவு போக மிஞ்சியதோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் மீதிக்குப் போட்ட மதிப்பு ஏதோ ஒரு நாள் தவறு.

மூன்றாவது பெட்டி

இப்படி எழுதிப் பார்ப்பவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. அவர் அன்று இரண்டு பெட்டி மட்டும் எடுத்திருந்தால்? 50 கிலோவில் அழுகல் 3, இனாம் 2. மீதி 45 கிலோவில் 30 கிலோ 40 ரூபாய்க்கும், 15 கிலோ 35 ரூபாய்க்கும் போய் வண்டி பிற்பகலிலேயே காலி. வரவு 1,725. செலவு 1,200. லாபம் 525 ரூபாய்.

அதாவது மூன்றாவது பெட்டி 550 ரூபாயைத் தின்று 440 ரூபாயைத்தான் திருப்பித் தந்திருக்கிறது. 110 ரூபாய் நஷ்டம். ஆனால் கையில் புரளும் பணம் மூன்று பெட்டியில்தான் அதிகம் என்பதால், ‘நல்ல வியாபாரம்’ என்றே அது தோன்றும்.

அதற்காகத் தினமும் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதல்ல. மிஞ்சிய ஒரு கிலோவால் அவருக்குப் போவது சுமார் பதினொன்றரை ரூபாய் (22-க்கு வாங்கியது பத்தரைக்குப் போகிறது). வாடிக்கைக்காரர் கேட்டும் இல்லாமல் போன ஒரு கிலோவால் போவது 13 ரூபாய் (35-க்கு விற்றிருக்கலாம்). இரண்டும் கிட்டத்தட்ட சமம். எனவே மூன்றாவது பெட்டி ஏறக்குறைய இரண்டில் ஒரு நாளாவது நல்ல விலைக்குப் போனால்தான் எடுக்கலாம். ஞாயிறும் பண்டிகையும் அப்படிப்பட்ட நாட்கள். மழை வரும் நாள் அல்ல.

மாலையில் எதிர்மாறான தவறும் நடக்கிறது. “வாங்கின விலைக்குக் கீழே கொடுக்க மாட்டேன்” என்று பிடிவாதம் பிடிப்பது. வாங்கிய பணம் போய்விட்டது. அந்த நேரத்தில் ஒப்பிட வேண்டியது நாளைக் காலை கிடைக்கப்போகும் பத்தரை ரூபாயோடுதான். கிலோ 15 ரூபாய்க்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவது லாபம்.

தினசரி வட்டி

இதுவரை 1,500 ரூபாய் சொந்தப் பணம் என்று வைத்துக்கொண்டோம். சென்னையில் காய்கனி விற்பவர்கள் காலையில் கடனாக எடுத்துக்கொண்டு இரவில் திருப்பித் தருவதைப் பற்றி, பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2011-ல் வெளிவந்த தங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். வட்டி ஒரு நாளைக்கு சராசரி 4.69 சதவீதம். அந்த வட்டியில் 1,500 ரூபாய் எடுத்தால் இரவில் 70 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 415 என்பது 345 ஆகிறது. 25 நாளில் கட்டும் வட்டி 1,750 ரூபாய், அசலைவிட அதிகம். அசல் மட்டும் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றால்கூட இதே 1,500 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி ஒரு ரூபாயைத் தாண்டாது. 2020-ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தின் 10,000 ரூபாய் முதல் கடன் 2025-ல் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. அதன் பயன் முழுக்க இந்த 70 ரூபாயில்தான் இருக்கிறது.

பட்டியலில் இன்னும் ஒன்று உண்டு: வண்டியைப் பறிமுதல் செய்யும் நாள். பறித்த பொருள் அழுகக்கூடியதாக இருந்தால், வியாபாரி கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும் என்கிறது 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம். தக்காளியின் மதிப்பு ஒரே இரவில் 22-லிருந்து பத்தரைக்கு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ‘அன்றே’ ஏன் என்று புரியும்.

விடியும் முன் மண்டிக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் அவருடைய கூலி இந்தக் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை. 345 ரூபாய்க்குள் லாபமும் கூலியும் ஒன்றாகவே இருக்கின்றன. பதினைந்து மணி நேர உழைப்பு என்று வைத்து வகுத்தால், மணிக்கு 23 ரூபாய்.