ரா. லட்சுமிக்குப் போக வேண்டிய செய்தி

தேனிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக். வரவேற்பில் இருக்கும் பெண்ணை மாலதி என்று வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனைதான். ஆனால் அவளுக்கு நேர்ந்தது எந்த ஊர் கிளினிக்கிலும் நேரக்கூடியது.

மறுநாள் வரவேண்டியவர்களுக்கு மாலையிலேயே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது மாலதியின் வேலை. அன்று 6 மணிக்குக் கூட்டம் நெரித்தது. ஒரு கையில் ரசீதுப் புத்தகம், மறு கையில் போன். ‘லட்சுமி’ என்று தட்டினாள், முதலில் வந்த பெயரைத் தொட்டாள், அனுப்பிவிட்டாள்: “நாளை காலை 8 மணிக்கு வயிறு ஸ்கேன். இரவு 10 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வரவும்.”

ஸ்கேன் ரா. லட்சுமிக்கு, வயது 34. செய்தி போனதோ மு. லட்சுமிக்கு, வயது 67, காலையும் இரவும் இன்சுலின் போடுபவர். அவர் வரவேண்டியது மறுநாள் மாலை 5 மணிக்கு, டாக்டரைப் பார்க்க மட்டும்.

ஏழே கால் மணிக்கு ரா. லட்சுமியே போன் செய்தார்: “நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்க்கா? மெசேஜே வரலையே.” அப்போதுதான் மாலதிக்கு வயிற்றைப் பிசைந்தது.

தப்பான ஆளுக்குப் போன செய்தி ஒன்றுதான் என்றாலும், அதில் பிழை இரண்டு. மு. லட்சுமிக்கு வேண்டாத செய்தி வந்துவிட்டது, ரா. லட்சுமிக்கு வேண்டிய செய்தி வரவில்லை. முதல் பிழை போனில் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதற்குத் தடயமே கிடையாது. ரா. லட்சுமி கேட்காமல் இருந்திருந்தால் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தால் சரியாகத் தெரியாது. குடலில் சேரும் காற்றும் படத்தை மறைக்கும். இன்னொரு நாள் வரவேண்டியதுதான்.

ஆபத்து அதிகம் மு. லட்சுமிக்கு. வழக்கம்போல் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். கவனிக்காவிட்டால் நினைவே தப்பும். அதனால் ரா. லட்சுமிக்கு நேரத்தைச் சொல்லிவிட்டு, மாலதி உடனே அவரைத்தான் அழைத்தாள்.

செய்தியை எல்லோருக்குமாக அழித்துவிட்டால் போதாதா? போதாது. படித்துவிட்டவர் மனதிலிருந்து அது அழியாது. படித்தாரா என்று நீல டிக்கை நம்பவும் முடியாது. பதிவேட்டில் இருந்த எண் கோயம்புத்தூரில் இருக்கும் மகனுடையது. அவர் அதற்குள் ஊருக்குப் பேசி, “காலையில ஒண்ணும் சாப்பிடாதம்மா” என்று சொல்லிவிட்டிருந்தார். அம்மாவின் எண்ணை அவரிடம் வாங்கி மாலதி நேரடியாகப் பேசினாள்.

“அம்மா, கிளினிக்ல இருந்து மாலதி பேசுறேன். உங்க பேரும் வயசும் சொல்லுங்க.”

“மு. லட்சுமி. அறுபத்தேழு. என்னத்தா, காலையில வரணுமாமே?”

“இல்லம்மா, அது நான் தப்பா அனுப்பிட்டேன். உங்களுக்கு ஸ்கேனே கிடையாது. எப்பவும்போலச் சாப்பிடுங்க. சாயங்காலம் 5 மணிக்கு வந்தாப் போதும். எங்கே, ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் “ம்” என்பார்கள். மு. லட்சுமி திருப்பிச் சொன்னார்: “காலையில சாப்பிடணும், சாயங்காலம் அஞ்சு மணி.” பிறகு, “ராத்திரி ஊசியைக் குறைச்சுப் போடட்டுமான்னு இருந்தேன்” என்றார். மாலதி அதற்குப் பதில் சொல்லவில்லை. போனை டாக்டரிடம் கொடுத்தாள். மருந்து அளவு வரவேற்பில் சொல்வதற்கில்லை. ஸ்கேன் யாருக்கு என்பதையும் அவள் வாய்விடவில்லை. அது இன்னொருவருடைய உடல்நல விவரம்.

அதன் பிறகே எழுத்தில் திருத்தம் போனது, மகனுக்கும் அம்மாவுக்கும்: “மு. லட்சுமி (67) அவர்களுக்கு: இன்று மாலை ஸ்கேன் பற்றி வந்த செய்தி தவறு. வழக்கம்போல் சாப்பிடவும். டாக்டரைப் பார்க்கும் நேரம் நாளை வியாழன் மாலை 5 மணி.” பழையது தவறு என்று சொல்லாமல் புதிய நேரத்தை மட்டும் அனுப்பியிருந்தால், இரண்டு தடவை வரவேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். நடந்ததை மாலதி பதிவேட்டிலும் எழுதி வைத்தாள்.

பரபரப்பில் நடந்தது என்று இதை விட்டுவிடுவது சரியல்ல. நம் பக்கம் ஒரே பெயரில் பலர் உண்டு. தலைப்பெழுத்து ஒன்றுதான் வேறுபாடு, அதையும் அவசரத்தில் கண் தாண்டிவிடும். நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு விவரங்களாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. பெயருடன் வயதோ, நோயாளி எண்ணோ பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால் இரண்டு லட்சுமிகளும் ஆமாம் என்பார்கள், பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

கிளினிக்கில் எண் கொடுக்கும்போது மகன், மகள் எண்ணோடு, வீட்டில் நோயாளி கையில் இருக்கும் போனின் எண்ணையும் கொடுங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு ‘சாப்பிடாமல் வரவும்’ என்று செய்தி வந்தால், அது சரியான செய்தியாகவே இருந்தாலும், மருந்தை என்ன செய்வது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.