அறுபது வயதுச் சலுகை எந்தப் பக்கம் இருக்கிறது?

"மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வட்டிக்கு வரி கிடையாதாம்." 2025 ஏப்ரலுக்குப் பிறகு வங்கி வாசலிலும் பென்ஷனர் சங்கக் கூட்டங்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அந்த ஒரு லட்சம் உண்மைதான், ஆனால் அது வரி விலக்கு அல்ல. வட்டி கொடுக்கும்போது வங்கி வரியைப் பிடிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதற்கான கோடு. பிடிப்பது வேறு, கட்ட வேண்டியது வேறு. முதியவர்களின் வருமான வரியில் நடக்கும் குழப்பங்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. மீதிப் பாதி, வயதுக்கான சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான் இருக்கிறது என்பது தெரியாததால் வருகிறது.

முதலில் வயதுக் கணக்கு. நிதியாண்டின் எந்த நாளில் 60 நிறைந்தாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் நீங்கள் மூத்த குடிமகன். மார்ச் 31-ஆம் தேதி பிறந்தநாள் வந்தாலும், அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் வந்த வருமானத்துக்கும் சலுகை உண்டு. ஏப்ரல் 1-இல் பிறந்தவர்கள் இதில் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுக்கு மார்ச் 31-ஆம் தேதியே வயது நிறைந்துவிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016-இல் சுற்றறிக்கை விட்டது. அதனால் அவர்களுக்கு ஓராண்டு முன்பே சலுகை தொடங்கிவிடும். 80 நிறைந்தவர்களுக்கு இன்னொரு படி மேலே தனி வரம்பு இருக்கிறது. ஒரே நிபந்தனை, வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். மகன் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய், ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டிலேயே கழித்து, சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுவாசியாகிவிட்டவருக்கு இந்தச் சலுகைகள் கிடைக்காது.

இனி சலுகைகள். 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2026 ஜூலைக்குள் ரிட்டர்ன் போட வேண்டிய ஆண்டுக்கு, பழைய முறையில் எல்லோருக்கும் பொதுவான விலக்கு வரம்பு இரண்டரை லட்சம். 60 வயதைத் தாண்டியவருக்கு அது 3 லட்சம், 80-ஐத் தாண்டியவருக்கு 5 லட்சம். இதோடு 80டிடிபி என்ற பிரிவின் கீழ் வட்டி வருமானத்தில் 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். இது 2018 பட்ஜெட்டில் வந்தது. இளையவர்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியில் மட்டும் 10,000 ரூபாய்தான் கழிவு. முதியவர்களுக்கோ பிக்சட் டெபாசிட், ரெக்கரிங் டெபாசிட், அஞ்சலகத்தில் போட்ட பணம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றின் வட்டியும் கணக்கில் வரும். பணம் வங்கியிலோ, வங்கித் தொழில் செய்யும் கூட்டுறவு நிறுவனத்திலோ, அஞ்சலகத்திலோ இருக்க வேண்டும். கம்பெனி டெபாசிட், பத்திரங்கள், நம் ஊர்களில் இன்னமும் செல்வாக்கோடு இருக்கும் நிதி நிறுவனங்கள் ஆகியவற்றில் கிடைக்கும் வட்டிக்கு இந்தக் கழிவு இல்லை. அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காகப் பணத்தை அங்கே மாற்றுபவர்கள் இதையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் பழைய முறையில்தான். புதிய முறையில் வயது பார்ப்பதே இல்லை. முப்பது வயதுக்காரருக்கும் எண்பது வயதுக்காரருக்கும் ஒரே வரம்பு, 4 லட்சம். 80டிடிபி கழிவும் அங்கே கிடையாது. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே புதிய முறையில்தான் போய் நிற்பீர்கள். "அப்படியானால் முதியவர்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று கோபப்படுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வயது 67. ஆண்டுப் பென்ஷன் 5,40,000 ரூபாய். ஓய்வின்போது கிடைத்த பணத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறார். 8.2 சதவீதத்தில் ஆண்டுக்கு 2,46,000 ரூபாய் வட்டி. மருத்துவக் காப்பீட்டுக்கு 36,000 ரூபாய் கட்டுகிறார். பழைய முறையில் பென்ஷனில் நிலையான கழிவு 50,000 போனால் 4,90,000. வட்டியைச் சேர்த்தால் 7,36,000. அதிலிருந்து 80டிடிபியில் 50,000, காப்பீட்டுக்கு 36,000 கழித்தால் 6,50,000. முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 2 லட்சத்துக்கு 5 சதவீதம், 10,000. மீதி ஒன்றரை லட்சத்துக்கு 20 சதவீதம், 30,000. செஸ் 4 சதவீதம் சேர்த்து 41,600 ரூபாய் கட்ட வேண்டும்.

அதே மனிதர், அதே வருமானம், புதிய முறை. நிலையான கழிவு இங்கே 75,000. மீதிப் பென்ஷன் 4,65,000, வட்டியோடு 7,11,000. 4 லட்சத்துக்கு மேற்பட்ட 3,11,000-க்கு 5 சதவீதம் என்றால் 15,550. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 60,000 ரூபாய் வரையிலான வரியை 87ஏ பிரிவு தள்ளுபடி செய்துவிடுகிறது. ஆக வரி பூஜ்யம். நிலையான கழிவையும் சேர்த்தால், பென்ஷன்காரருக்கு 12,75,000 ரூபாய் வரை ஒரு பைசா வரி இல்லை.

அதற்கு மேல் போனால் பழைய முறை ஜெயிக்குமா என்றால், சாதாரணமாக அதுவும் இல்லை. 80-ஐத் தாண்டிய ஒருவருக்குப் பென்ஷனும் வட்டியுமாக 14 லட்சம் வருகிறது என்று வையுங்கள். பழைய முறையில் நிலையான கழிவு, வட்டிக் கழிவு, 80சி-யில் ஒன்றரை லட்சம், காப்பீட்டுக்கு 50,000 என எல்லாவற்றையும் முழுசாகக் கழித்தாலும் 1,35,200 ரூபாய் வரி வரும். புதிய முறையில் 81,900தான். முதியவர்களுக்கென்று கொடுத்த சலுகையை எல்லோருக்கும் கொடுத்த சலுகை முந்திக்கொண்டு போய்விட்டது.

அப்படியென்றால் 5 லட்சம் வரம்பும் 50,000 கழிவும் ஏட்டுச் சுரைக்காய்தானா? இல்லை. அவை கைகொடுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்லாத இடம் அது.

87ஏ தள்ளுபடி, அடுக்கு விகிதத்தில் வரும் சாதாரண வருமானத்தின் வரிக்கு மட்டும்தான். நகை, நிலம், பங்கு ஆகியவற்றை விற்றுக் கிடைக்கும் மூலதன ஆதாயத்துக்குத் தனி விகிதத்தில் வரி விழுகிறது. புதிய முறையில் அந்த வரியைத் தள்ளுபடி தொடாது. 2025 பட்ஜெட் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்துவிட்டது. "12 லட்சம் வரை வரி இல்லை" என்பதை நம்பி நகையை விற்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

82 வயது பாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பென்ஷன் இல்லை. வங்கி டெபாசிட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் வட்டி. பேத்தி கல்யாணத்துக்காகத் தன் பழைய வளையல்களை நகைக்கடையில் பில் போட்டு விற்றார். 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதிச் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக் கணக்கிட்டதில் நீண்டகால ஆதாயம் இரண்டரை லட்சம். புதிய முறையில் 4 லட்சம் வரம்பில் வட்டி 3 லட்சத்தை நிரப்பிவிடும். மிச்சமிருக்கும் ஒரு லட்சத்தை ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதி ஒன்றரை லட்சத்துக்கு 12.5 சதவீதம், 18,750. செஸ்ஸோடு 19,500 ரூபாய். மொத்த வருமானமே ஐந்தரை லட்சம்தான், ஆனாலும் தள்ளுபடி வராது.

பழைய முறைக்கு மாறினால் வட்டியில் 50,000 கழிந்து இரண்டரை லட்சமாகும். பாட்டியின் வரம்பு 5 லட்சம். மீதமுள்ள இரண்டரை லட்சம் வரம்பு, ஆதாயம் இரண்டரை லட்சத்தை அப்படியே விழுங்கிவிடும். வரி பூஜ்யம். பென்ஷன் பெரிதாக இல்லாத, வட்டியை நம்பி இருக்கிற, ஒரு நகையோ துண்டு நிலமோ விற்கிற 80 வயதுக்காரருக்குப் பழைய முறையைப் போட்டுப் பார்க்காமல் ரிட்டர்ன் போடுவது நஷ்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 80-ஐத் தாண்டியவர்கள் காகிதத்தில் ரிட்டர்ன் கொடுக்கலாம் என்ற சலுகை ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களுக்கு மட்டுமே. நகை விற்ற ஆதாயம் இருந்தால் ஐடிஆர்-2 போட வேண்டும். அதைக் கணினி வழியாகத்தான் தாக்கல் செய்ய முடியும். வீட்டில் யாராவது உதவ வேண்டியிருக்கும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன ஒரு லட்சத்துக்கு வருவோம். ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் மூத்த குடிமக்களிடம் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 மார்ச் வரை இந்தக் கோடு 50,000-ஆக இருந்தது. பான் எண் கொடுக்காதவரிடம் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், ஆனால் வங்கிக்கு வங்கி கணக்கு தனி. மூன்று வங்கிகளில் தலா 90,000 வட்டி வந்தால் எங்கேயும் பிடிக்க மாட்டார்கள். அதற்காக அந்த 2,70,000 வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. வங்கிகள் கொடுக்கும் விவரம் எல்லாம் வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரிலுள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறிவிடும். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வரிப் பிடித்தமே கிடையாது, ஆனால் அதுவும் அங்கே இருக்கும்.

இதன் மறுபக்கம், கட்ட வேண்டிய வரியே இல்லாதவரிடம் வங்கி பிடித்துவிடுவது. நம் ஆசிரியர் அப்படிப்பட்டவர். வட்டி 2,46,000 என்பதால் 24,600 ரூபாய் பிடிபடும். அதைத் தடுக்க, 15எச் என்ற பெயரில் பழகிய உறுதிமொழிப் படிவத்தை நிதியாண்டுத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக, டெபாசிட் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக. வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினாலும், தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் என்றால் 60 வயது நிறைந்தவர் இதைக் கொடுக்கலாம். மறந்துவிட்டால் பணம் போய்விடாது, ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம்.

வட்டியை மாதாமாதம் வாங்காமல் முதிர்வின்போது மொத்தமாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாண்டு டெபாசிட் என்றாலும் வங்கி ஆண்டுதோறும் சேர்ந்த வட்டியைக் காட்டி வரி பிடிக்கும். நீங்களும் அதே ஆண்டில் காட்டிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் 50,000 கழிவு கிடைக்கும். கடைசியில் மொத்தமாகக் காட்டினால் அறிக்கையோடு கணக்கு ஒத்துப்போகாது, கழிவும் ஒரே ஒரு முறைதான். இன்னொன்று, கணவர் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் செய்தால் அந்த வட்டி கணவர் வருமானத்தில்தான் சேரும். இரண்டு பேரும் தனித்தனியாக 50,000 கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்து இதைச் செய்பவர்கள் ஏராளம்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. இங்கே சொன்ன எண்கள் 2025-26 ஆண்டின் கணக்குக்கானவை.

வியாபார வருமானம் இல்லாதவர் பழைய முறையா புதிய முறையா என்பதை ஆண்டுதோறும் ரிட்டர்னிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தேதியான ஜூலை 31-க்குள் போட்டால் மட்டுமே. அதைத் தவறவிட்டுத் தாமதமாகப் போடுபவருக்குப் பழைய முறை கிடையாது. 82 வயதுப் பாட்டி ஆகஸ்ட்டில் போனால் 19,500 ரூபாயைக் கட்டித்தான் ஆக வேண்டும்.