மரியாதைப் பன்மை

இந்தியில் முன்னிலையில் இருப்பவரைக் குறிக்க 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று சொற்கள் உள்ளன. நடுவில் நிற்கும் 'தும்' என்பதற்கு இன்றைய தமிழில் நேரான சொல் இல்லை. 'நீர்' என்பது ஒருகாலத்தில் அவ்விடத்தில் வழங்கியது. இன்று அது சில வட்டாரப் பேச்சுகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆதலால், இந்தி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழர் சிலர், தமக்குக் கீழே பணிபுரிபவரைத் 'தும்' என்று எண்ணி, தமிழில் 'நீ' என்று எழுதிவிடுகின்றனர். 'நீ' என்பதோ நெருக்கத்தைக் காட்டும், இல்லையேல் தாழ்வைக் காட்டும். அலுவலகத்தில் படிப்பவர் பெரும்பாலும் இரண்டாவது பொருளையே கொள்வார்.

'நீங்கள்' என்பது இலக்கணப்படி பன்மை. ஒருவரையே அச்சொல்லால் அழைப்பது மரியாதைப் பன்மை. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது இலக்கண நெறியன்று, உலக வழக்கில் அமைந்த உயர்சொல் என்று தொல்காப்பியமே கூறுகிறது.

தில்லியில் ஓர் அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். நாளைக் காலை 10 மணிக் கூட்டம் 11 மணிக்கு மாறுகிறது. மேலாளர் அதனை மூவருக்குத் தெரிவிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளம் எழுத்தருக்கு அவர், "நாளைக்கு நீங்கள் 11 மணிக்கு உன் கோப்புடன் வா" என்று எழுதுகிறார். தொடக்கத்தில் 'நீங்கள்' இருந்தும் மரியாதை நிற்கவில்லை. 'உன்', 'வா' என்னும் இரண்டும் அதனைக் கெடுத்துவிட்டன. பெயர், வேற்றுமை வடிவம், வினை மூன்றும் ஒத்து நடக்க வேண்டும்: "நீங்கள் உங்கள் கோப்புடன் வாருங்கள்."

தம்மோடு ஒத்த பதவியில் உள்ள நண்பருக்கும் இதே வடிவம் பொருந்தும். தேநீர் வேளையில் அவரை 'நீ' என்று அழைப்பது இயல்பே. ஆயினும் பிறரும் படிக்கும் செய்தியில் 'நீங்கள்' என்பதே தகும்.

ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மூத்த கணக்கருக்கு 'தாங்கள்' ஏற்றது: "ஐயா, தாங்கள் தங்கள் கணக்கேட்டுடன் 11 மணிக்கு வருமாறு வேண்டுகிறேன்." இங்கே 'வரவும்' என்று முடித்தால் அறிவிப்புப் பலகையின் குரல் கேட்கும். 'தாங்கள்' வந்தாலும் வினைமுற்று 'நீங்கள்' என்பதற்கு உரியதே: 'தாங்கள் வந்தீர்கள்', 'தாங்கள் வந்தார்கள்' அன்று. 'தங்கள்' என்னும் சொல்லில் மற்றொரு சிக்கலும் உண்டு. "ஊழியர்கள் தங்கள் கோப்புகளைத் தேடினர்" என்னும்போது அது ஊழியர்களின் கோப்புகளையே குறிக்கும். அதே தொடர் ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் வந்தால், கோப்புகள் யாருடையவை என்ற ஐயம் எழும். அவ்விடத்தில் 'உங்கள்' என்று எழுதுவதே தெளிவு. அதனால் மரியாதை குறையாது.

மூவருக்கும் ஒரே செய்தியை அனுப்பும்போது வேறோர் ஐயம் தோன்றும். "நீங்கள் கணக்கேட்டைக் கொண்டு வாருங்கள்" என்றால், சொன்னது ஒருவருக்கா, மூவருக்குமா? மேலாளர் இவ்வாறு எழுதலாம்: "நீங்கள் மூவரும் 11 மணிக்கு வாருங்கள். கணக்கேட்டைக் கணக்கர் ஐயா கொண்டு வருவார்."