டிரிப்டோபேன் ஓபெரானில் தணிப்பு: பாக்டீரியம் உணர்வது எதனை?

எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியத்தில் டிரிப்டோபேன் ஆக்கத்திற்குரிய ஐந்து மரபணுக்கள் ஒரே ஓபெரானாக அமைந்துள்ளன. டிரிப்டோபேன் மிகும்போது அதனுடன் இணைந்த அடக்கிப் புரதம் படியெடுத்தலைத் தடுக்கிறது. ஆயினும், அடக்கிப் புரதம் செயலிழந்த பாக்டீரியங்களிலும், மரபணுக்களுக்கு முன்னுள்ள தலைப்பகுதியின் ஒரு கூறு நீங்கியபோது நொதி உற்பத்தி மேலும் உயர்ந்ததைச் சார்லஸ் யானோஃப்ஸ்கி குழுவினர் 1970களில் கண்டனர். தலைப்பகுதியில் இயங்கும் இவ்விரண்டாம் கட்டுப்பாடே தணிப்பு.

தலைப்பகுதி ஆர்.என்.ஏ. 14 அமினோ அமிலங்களாலான சிறு பெப்டைடுக்குரிய செய்தியைக் கொண்டது. அதன் 10, 11ஆம் இடங்கள் டிரிப்டோபேனுக்குரியவை. பாலிமரேசு படியெடுத்துச் செல்லும்போதே ரைபோசோம் பின்தொடர்ந்து படிக்கிறது. டிரிப்டோபேன் ஏற்றிய கடத்து ஆர்.என்.ஏ. அரிதாயின் ரைபோசோம் அவ்விடத்தில் தயங்கி நிற்கும். அப்போது தலைப்பகுதியின் நான்கு துண்டுகளில் இரண்டாவதும் மூன்றாவதும் இணைய, படியெடுத்தல் தொடரும். அது போதுமாயின் ரைபோசோம் முன்னேறி இரண்டாம் துண்டை மறைக்கும். மூன்றாவதும் நான்காவதும் இணைந்து கொண்டையூசி வடிவ நிறுத்தியாக, பாலிமரேசு விலகிவிடும்.

டிரிப்டோபேனைக் கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் நொதி பழுதுற்ற பாக்டீரியங்களில், டிரிப்டோபேன் நிறைந்திருந்தும் தணிப்பு தளர்கிறது. ஆகவே, அடக்கிப் புரதம் டிரிப்டோபேனையே உணர, தணிப்போ புரத ஆக்கத்திற்கு ஆயத்தமான டிரிப்டோபேனை உணர்கிறது.